கற்றல் குறைபாட்டைக் கண்டறிய ஐ.க்யூ. இடைவெளியா, தலையீட்டுக்கு வரும் பலனா?

கேள்வி: “நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இரண்டாம் வகுப்பில் சில குழந்தைகள் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள். ஐ.க்யூ. சோதனைக்கும் வாசிப்புச் சோதனைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால்தான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று ஒருவர் சொல்கிறார். முதலில் கூடுதல் பயிற்சி கொடுத்து, பலன் வருகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்கிறார் இன்னொருவர். எந்த முறை சரி? எதை நம்பி ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பது?”

தொடக்கப்பள்ளி வயதில் இரண்டாவது முறையை, அதாவது கூடுதல் பயிற்சி என்ற தலையீட்டுக்கு வரும் பலனைப் பார்க்கும் முறையை, முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஐ.க்யூ. இடைவெளியைக் கைவிடலாம். ஆனால் இரண்டாவது முறையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லும் வலிமை கொண்டதல்ல. அது தரும் முன்னேற்ற வரைபடத்தோடு ஒரு தரப்படுத்தப்பட்ட வாசிப்புச் சோதனையும், வேறு காரணங்களை விலக்கும் முழுமையான மதிப்பீடும் சேர வேண்டும். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். இந்த விவாதத்தில் பெரும்பாலானவர்கள் தத்துவம் பேசிவிட்டுக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஒரு குழந்தைக்கு உதவி கிடைக்குமா கிடைக்காதா என்பதோ அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இடைவெளி முறை தவறான நோக்கத்தில் பிறந்ததல்ல. வாசிக்கத் தெரியாத குழந்தையைச் சோம்பேறி என்றும் மந்தம் என்றும் ஒதுக்கிய காலத்தில், “இந்தக் குழந்தைக்கு அறிவு இருக்கிறது, ஆனாலும் வாசிப்பு வரவில்லை, இது எதிர்பாராத ஒன்று” என்று எடுத்துக்காட்ட ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1960-களில் அமெரிக்கக் கல்வியாளர் பார்பரா பேட்மன் தம் வரையறையில் இந்த இடைவெளியைக் கொண்டுவந்தார். 1975-இல் மைக்கேல் ரட்டரும் வில்லியம் யூலும் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவுக் குழந்தைகளை வைத்து, அறிவுத்திறனுக்குப் பொருந்தாத வாசிப்புப் பின்னடைவு ஒரு தனி வகை என்று வாதிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டம் வந்தது. 1977-இல் வந்த அதன் விதிகள், அறிவுத்திறனுக்கும் அடைவுக்கும் இடையே “கடுமையான இடைவெளி” இருக்க வேண்டும் என்றன. ஆனால் கடுமை என்றால் எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி முடிவு செய்துகொண்டது. ஒரு மாநிலத்தில் குறைபாடு உள்ள குழந்தை, குடும்பம் எல்லை தாண்டிக் குடியேறியதும் குறைபாடு இல்லாத குழந்தையாகிவிடக்கூடிய நிலை அப்படித்தான் வந்தது.

இப்போது இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள் இவை. பெயர்கள் கவின், அமுதா என்று இருக்கட்டும். இரண்டு சோதனைகளிலும் சராசரி 100, மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் 15. கவினின் ஐ.க்யூ. 118, வாசிப்பு மதிப்பெண் 94. அமுதாவின் ஐ.க்யூ. 90, வாசிப்பு 74. இடைவெளி ஒன்றரைத் திட்டவிலக்கம், அதாவது 22.5 புள்ளிகள் இருந்தால் குறைபாடு என்பது விதி.

கவினின் இடைவெளி 24. அவனுக்குக் குறைபாடு உண்டு. அமுதாவின் இடைவெளி 16. அவளுக்கு இல்லை. ஆனால் 94 என்பது சராசரிக்குள் வரும் வாசிப்பு. அவன் வயதுள்ள நூறு குழந்தைகளில் சுமார் 65 பேர் அவனைவிட நன்றாக வாசிப்பார்கள், அவ்வளவுதான். 74 என்றால் நூற்றில் 95 பேருக்கும் மேல் அமுதாவை முந்திவிட்டார்கள் என்று பொருள். வகுப்பில் ஒரு பத்தியைக்கூட முடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு உதவி இல்லை; சமாளித்துக்கொண்டிருப்பவனுக்கு உண்டு. இந்த விதியை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

“நேரடியாகக் கழிப்பது பழைய பாணி, திருத்திய கணக்கு இருக்கிறதே” என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஐ.க்யூ.வும் வாசிப்பும் முழுமையாகச் சேர்ந்து நகர்வதில்லை. இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவை 0.6 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஐ.க்யூ. 118 உள்ள குழந்தையிடம் வாசிப்பிலும் 118 எதிர்பார்ப்பது பிழை. சராசரியைவிட 18 புள்ளி கூடுதல் என்றால், அதில் 0.6 பங்கை மட்டுமே வாசிப்பில் எதிர்பார்க்கலாம். கவினுக்கு எதிர்பார்க்கத்தக்க மதிப்பெண் ஏறத்தாழ 111. அவன் அதிலிருந்து 17 குறைவு. அமுதாவுக்கு எதிர்பார்க்கத்தக்கது 94. அவள் 20 குறைவு. இந்தக் கணக்கில் எதிர்பார்ப்பைச் சுற்றியுள்ள சிதறலின் திட்டவிலக்கம் 12. அதன் ஒன்றரை மடங்கு 18. இப்போது கவினுக்குக் குறைபாடு இல்லை, அமுதாவுக்கு உண்டு.

குழந்தைகள் மாறவில்லை, சோதனைத் தாள்கள் மாறவில்லை, எல்லைக்கோடும் அதே ஒன்றரைதான். கழிக்கும் விதத்தை மாற்றியதும் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. ஓர் அறிக்கையில் “இடைவெளி உள்ளது” என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தக் கணக்கில் என்று கேட்காமல் அதை ஏற்காதீர்கள்.

திருத்திய கணக்காலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஒவ்வொரு சோதனையிலும் கொஞ்சம் பிழை இருக்கும். ஒரு மதிப்பெண்ணிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது இரண்டின் பிழைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஐ.க்யூ. சோதனையின் நம்பகத்தன்மை 0.95, வாசிப்புச் சோதனையினது 0.90 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் இடைவெளியின் அளவைப் பிழை சுமார் 6 புள்ளி. 95 சதவீத உறுதி வேண்டுமானால் இருபுறமும் 11 புள்ளி தள்ளிப் பார்க்க வேண்டும். கவினின் 24 புள்ளி இடைவெளி உண்மையில் 13 முதல் 35 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த மாதம் மீண்டும் சோதித்தால் கோட்டின் எந்தப் பக்கம் விழுவான் என்று யாராலும் சொல்ல முடியாது. டேவிட் ஃபிரான்சிஸ் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்பில் கற்றல் குறைபாடு என வகைப்படுத்தப்பட்ட குழந்தைகளில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் ஐந்தாம் வகுப்பில் அதே சோதனைகளின் மறுமுறையில் வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள்.

தொடக்கப்பள்ளிக்கு இதைவிடப் பெரிய கேடு, கால தாமதம். முதல் வகுப்பில் சராசரிக் குழந்தைக்கே சில சொற்கள்தான் வாசிக்க வரும். அந்த வயதுக்கான சோதனையின் அடித்தளத்தில் மிகச் சில வினாக்களே இருக்கும். எதுவுமே வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் சராசரிக்குச் சற்றே குறைந்த மதிப்பெண் வந்துவிடும். மதிப்பெண் அதற்குக் கீழே இறங்க இடமில்லாததால் 22 புள்ளி இடைவெளி பிறப்பதில்லை. மற்ற குழந்தைகள் முன்னேறி, இந்தக் குழந்தை அங்கேயே நின்று, மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில்தான் இடைவெளி “போதுமான” அளவுக்கு விரியும். இதைத்தான் தோற்கும்வரை காத்திருத்தல் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அதற்குள் இன்னொன்றும் நடந்துவிடலாம். சொல்வளமும் பொது அறிவும் பெருமளவுக்கு வாசிப்பு வழியாகத்தான் வளர்கின்றன. வாசிக்காத குழந்தையின் சொல்வளம் தேங்கினால், ஐ.க்யூ. சோதனையின் மொழிப் பகுதியும் இறங்கும். குறைபாடே ஐ.க்யூ. மதிப்பெண்ணைக் கீழே இழுத்து, தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டிய இடைவெளியை மூடிவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், இடைவெளி உள்ள குழந்தையும் இல்லாத குழந்தையும் உண்மையிலேயே வேறு வேறு வகையினர் என்றால், வேறு வேறு விதமாகக் கற்பிக்க வேண்டியவர்கள் என்றால், இந்தக் கணக்குத் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். அப்படி இல்லை என்பதே கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. 2002-இல் கார்லா ஸ்டூபிங் குழுவினர் 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சொற்களை ஒலிகளாகப் பிரிக்கும் திறன், எழுத்துகளையும் படங்களையும் விரைந்து பெயர் சொல்லும் திறன் போன்ற, வாசிப்போடு நெருங்கிய திறன்களில் இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2011-இல் ஹிரோகோ தனாகா குழுவினர் மூளைப் படங்களை வைத்துப் பார்த்தபோது, இரு குழுக்களிலும் அதே மூளைப் பகுதிகளே குறைவாக இயங்கின. கற்பிப்பவருக்கு இன்னும் முக்கியமானது 1996-இல் ஃபிராங்க் வெல்லுடினோ குழுவினர் செய்த ஆய்வு. முதல் வகுப்பில் மிகவும் பின்தங்கிய வாசகர்களுக்குத் தினமும் அரை மணி நேரம் தனிப்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் சராசரி நிலைக்கு வந்துவிட்டார்கள். யார் முன்னேறுவார், யார் முன்னேற மாட்டார் என்பதை ஐ.க்யூ. முன்கூட்டிச் சொல்லவில்லை.

அந்த ஆய்வில் இரண்டாவது முறைக்கான விதையும் இருக்கிறது. பின்தங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது கற்பித்தலின் போதாமை. நல்ல பயிற்சியைக் கொடுத்துப் பார்க்காமல் அவர்களையும், ஆழமான சிரமம் உள்ள சிறு பகுதியினரையும் பிரித்தறிய முடியாது. 2004-இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, 2006-இல் வந்த அதன் விதிகளில், மாநிலங்கள் இடைவெளியைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும், ஆய்வு ஆதாரமுள்ள தலையீட்டால் குழந்தை எப்படிப் பலனடைகிறது என்று பார்க்கும் நடைமுறையை அனுமதிக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. இடைவெளி முறையைச் சட்டம் தடை செய்யவில்லை. பல இடங்களில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

தலையீட்டு முறை செயலில் எப்படி இருக்கும் என்பதை அமுதாவை வைத்தே பார்ப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு சிறு சோதனை: வகுப்புக்கு ஏற்ற ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணுவது. இதை 1970, 80-களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கினார்கள். வகுப்பின் நடுநிலைக் குழந்தை 50 சொற்கள் வாசிக்கிறது. அமுதா 16, அவளோடு மதி என்ற சிறுவன் 18. (ஆங்கிலப் பத்திகளுக்குப் பொருந்தும் அளவு இது. சொற்கள் ஒட்டி நீளும் மொழிகளில் எண்ணிக்கை குறைவாக இருக்கும். எந்த மொழியானாலும் ஒப்பீடு அந்த மொழியில் வாசிக்கும் சக குழந்தைகளோடுதான்.)

வகுப்பில் எல்லாருக்கும் நடக்கும் கற்பித்தல் முதல் அடுக்கு. அமுதாவும் மதியும் இன்னும் இருவரும் இரண்டாம் அடுக்குக்கு வருகிறார்கள்: நால்வர் கொண்ட குழு, வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 30 நிமிடம். ஒலிகளைப் பிரிப்பது, எழுத்தையும் ஒலியையும் இணைப்பது, சொல்லைக் கூட்டி வாசிப்பது, சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று ஒழுங்குபடுத்திய பயிற்சி. இது வகுப்பு வாசிப்பு நேரத்துக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக இதைக் கொடுத்தால் அது தலையீடு ஆகாது. வாரம் ஒருமுறை ஒரு நிமிட வாசிப்பு அளவிடப்பட்டு வரைபடத்தில் புள்ளியாகிறது. 12 வாரத்தில் 40 சொற்களை எட்ட வேண்டும் என்று ஓர் இலக்குக் கோடு வரையப்படுகிறது; வாரத்துக்கு இரண்டு சொல். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் பயிற்சியை மாற்றிப் பார்க்க வேண்டும், 12 வாரம் முடியக் காத்திருக்கக் கூடாது.

12 வாரம் கழித்து மதி 44-இல் இருக்கிறான். அமுதா 27. வகுப்பின் நடுநிலை இதற்குள் வாரத்துக்கு ஒன்றரைச் சொல் வீதம் வளர்ந்து 68 ஆகியிருக்கிறது. இருவரும் இன்னும் வகுப்புக்குக் கீழேதான். ஆனால் மதியின் வேகம் வாரத்துக்கு இரண்டு சொல்லுக்கு மேல், இடைவெளி சுருங்குகிறது. அமுதாவின் வேகம் 0.9, அவள் முன்னேறினாலும் வகுப்புக்கும் அவளுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. லின் ஃபக்ஸும் டக்ளஸ் ஃபக்ஸும் 1998-இல் முன்வைத்த கருத்து இதுதான்: நிலையும் தாழ்ந்து, வேகமும் தாழ்ந்திருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டிய குழந்தை. நிலையை மட்டும் பார்த்திருந்தால் மதியும் பட்டியலில் சேர்ந்திருப்பான்.

இங்கே பலர் முடிவை எழுதிவிடுகிறார்கள். நான் கொஞ்சம் நிற்கச் சொல்வேன், ஏனென்றால் இடைவெளி முறையில் பார்த்த அதே பிழை இங்கே வேறு உருவில் ஒளிந்திருக்கிறது. ஒரு வாரத்துப் பத்தி எளிது, அடுத்த வாரத்துப் பத்தி கடினம். ஒரு நாள் தூக்கம் போதவில்லை. புள்ளிகள் நேர்க்கோட்டிலிருந்து ஏழு சொல் அளவுக்கு மேலும் கீழும் சிதறுவது இயல்பு. அந்தச் சிதறலோடு 12 புள்ளிகளிலிருந்து கணக்கிட்ட வேகத்தின் அளவைப் பிழை சுமார் 0.6. அதாவது அமுதாவின் உண்மையான வேகம் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து வாரத்துக்கு இரண்டு சொல் வரை எதுவாகவும் இருக்கலாம். வகுப்பின் வேகமான 1.5 அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆறே வாரத்தில் முடிவெடுத்திருந்தால் பிழை இன்னும் மோசம்: இருபுறமும் மூன்று சொல்லுக்கு மேல். ஆறு வார வரைபடத்தைக் காட்டி “பலன் இல்லை” என்று ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

அதற்காக வரைபடத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 12 வாரத்தில் கிடைத்த வேகத்தை, பயிற்சியைத் தீவிரமாக்க வேண்டும் என்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அமுதாவை மூன்றாம் அடுக்குக்கு நகர்த்துகிறோம்: தனியாகவோ இன்னொரு குழந்தையோடோ, தினமும் 45 நிமிடம். அளவிடுவது தொடர்கிறது. 20 வாரம் ஆனபோதும் மொத்த வேகம் 0.9-ஆகவே நின்றால், இப்போது பிழை 0.3-க்கும் குறைவு. உண்மையான வேகம் ஏறத்தாழ 0.35-க்கும் 1.45-க்கும் இடையில். வகுப்பின் 1.5 முதல்முறையாக அந்த எல்லைக்கு வெளியே போகிறது. இப்போது “போதுமான கற்பித்தல் கிடைத்தும் வளர்ச்சி போதவில்லை” என்று சொல்ல அடிப்படை கிடைத்திருக்கிறது. இந்த 20 வாரமும் அமுதா பயிற்சியில் இருந்தாள் என்பதுதான் இரண்டு முறைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. இரண்டிலும் அளவைப் பிழை உண்டு. ஒன்றில் குழந்தை காத்திருக்கிறது, மற்றதில் கற்றுக்கொண்டிருக்கிறது.

தலையீட்டு முறை எங்கே தோற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தொடக்கச் சோதனையின் எல்லைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் முதல் அடுக்கே உடைந்திருக்கிறது. அந்த வகுப்பில் அமுதாவைத் தனியாக எடுத்து எதையும் நிரூபிக்க முடியாது. முதலில் வகுப்புக் கற்பித்தலைத்தான் சரிசெய்ய வேண்டும். அடுத்து, பயிற்சி உண்மையில் நடந்ததா என்ற கேள்வி. 12 வாரத்தில் 48 வகுப்புகள் நடந்திருக்க வேண்டும். ஆசிரியர் விடுப்பு, விழா ஒத்திகை, குழந்தையின் காய்ச்சல் எல்லாம் போக 25 மட்டுமே நடந்திருந்தால், பலன் வராததற்குக் குழந்தையின் மூளையில் காரணம் தேடுவது அநியாயம். அதனால் எந்த வரைபடத்தைப் பார்க்கும்போதும் நான் முதலில் கேட்பது வருகைப் பதிவேட்டைத்தான்.

மூன்றாவது ஆபத்து, முடிவே இல்லாத இரண்டாம் அடுக்கு. “இன்னும் ஒரு சுற்றுப் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்” என்று சொல்லிச் சொல்லியே இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். தோற்கும்வரை காத்திருக்கும் பழைய கேடு புதிய பெயரில் திரும்பி வருவது இப்படித்தான். இது அவ்வளவு பரவலாக இருந்ததால், 2011 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசின் சிறப்புக் கல்வி அலுவலகம், தலையீட்டைக் காரணம் காட்டி முழு மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பெற்றோர் மதிப்பீடு கேட்டால், பயிற்சியும் மதிப்பீடும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது என்ற வரிசை எங்கும் இல்லை.

2015-இல் அமெரிக்கக் கல்வித் துறைக்காக 146 பள்ளிகளில் நடந்த பெரிய மதிப்பாய்வு ஒன்றை இந்த முறையின் எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்ததால் தலையீட்டுக்கு ஒதுக்கப்பட்ட முதல் வகுப்புக் குழந்தைகள், சற்று மேலே இருந்து ஒதுக்கப்படாதவர்களைவிடச் சிறிதளவு பின்தங்கியே இருந்தார்கள். இந்த முடிவைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால் அது கோட்டை ஒட்டி நிற்கும் குழந்தைகளைப் பற்றியது. அமுதாவைப் போல வெகு கீழே இருப்பவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, ஒரே ஒரு தொடக்கச் சோதனையை நம்பி யாரையும் குழுவில் போட வேண்டாம் என்பதை. ஐந்தாறு வாரம் வகுப்பிலேயே கவனித்துவிட்டு, யாருக்கு உண்மையில் தேவை என்று பார்த்துச் சேர்ப்பது பாதுகாப்பானது.

இந்த முறை பார்க்கவே முடியாதது ஒன்றும் உண்டு. பலன் வரவில்லை என்று அது சொல்லும். ஏன் வரவில்லை என்று சொல்லாது. காது சரியாகக் கேட்காத குழந்தை, பார்வைக் குறை உள்ள குழந்தை, கவனக்குறைபாடு உள்ள குழந்தை, பள்ளியின் மொழியே வீட்டில் இல்லாத குழந்தை, அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தை என எல்லாரும் ஒரே மாதிரியான தட்டையான கோட்டைத் தரக்கூடும். இங்கேதான் உளவியலாளரின் முழு மதிப்பீடு தேவைப்படுகிறது. ஐ.க்யூ. சோதனைக்கும் இங்கே நியாயமான இடம் இருக்கிறது. பேச்சிலும் அன்றாடக் காரியங்களிலும் குழந்தை பொதுவாகவே பின்தங்கியிருந்தால், அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை விலக்க அதைச் செய்யலாம். வாசிப்பு மதிப்பெண்ணைக் கழித்துப் பார்ப்பதற்காகச் செய்ய வேண்டாம். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் இதே பக்கம்தான் நிற்கிறது: ஐ.க்யூ. இடைவெளி நிபந்தனை நீங்கிவிட்டது. உரிய தலையீடு கொடுத்தும் குறைந்தது ஆறு மாதம் சிரமம் நீடிக்க வேண்டும். அடைவு அந்த வயதுக்குரியதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். 78 அல்லது அதற்குக் கீழான மதிப்பெண்ணை உறுதி மிகுந்த அளவாக அது சொல்கிறது.

அமுதாவுக்கு இப்போது எல்லாம் கூடிவருகிறது. தரப்படுத்தப்பட்ட சோதனையில் வாசிப்பு 74. இருபது வார வரைபடத்தில் போதாத வளர்ச்சி, வருகைப் பதிவேட்டில் 48-இல் 44 வகுப்புகள், மூன்றாம் அடுக்கிலும் அதே ஒழுங்கு. காது, கண் சோதனைகள் சரி. மொத்த வகுப்பும் நன்றாகக் கற்றிருக்கிறது. ஐ.க்யூ. 90, ஆகவே அறிவுவளர்ச்சிக் குறைபாடு இல்லை. பயிற்சி ஆறு மாதத்தைத் தொட்டபோதும் சிரமம் நீடித்தால், வாசிப்பில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று தயங்காமல் எழுதலாம். நேரடிக் கழித்தல் விதி இவளைத்தான் திருப்பி அனுப்பியது.

கவினை விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் இடைவெளி முறையை இன்னும் விரும்புகிறவர்களின் வலுவான வாதம் அவனைப் போன்ற குழந்தைகள்தான். கூர்மையான குழந்தை, படத்தையும் சூழலையும் வைத்துச் சொற்களை ஊகித்து, வாசிப்பில் 94 வாங்கிவிடுகிறது. தொடக்கச் சோதனையில் சிக்குவதே இல்லை. இந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து ஐ.க்யூ. கழித்தல் அல்ல. சொல் வாசிப்பு என்ற ஒற்றை மதிப்பெண்ணுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பொருளில்லாத கற்பனைச் சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே ஊகிக்க எதுவும் இல்லை. சொல்வதை எழுதச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேகத்தைப் பாருங்கள். அவற்றில் 75, 78 என்று வந்தால், அவனுடைய எழுத்துக்கூட்டலிலும் சரளத்திலும் உள்ள குறைபாடு அந்த மதிப்பெண்களிலேயே தெரிகிறது. அவனுக்கும் அமுதாவைப் போலவே பயிற்சியைத் தொடங்கி அளவிடலாம். எல்லாமே 90-க்கு மேல் என்றால், அவன் சராசரி வாசகன். பெற்றோர் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது குறைபாட்டுக்கான சான்று ஆகாது.

உங்கள் வகுப்புக்கு வருகிறேன். பின்தங்கியிருக்கும் அந்தச் சில குழந்தைகளுக்கு இந்த வாரமே ஒரு நிமிட வாசிப்பை எடுங்கள். மூன்று பத்திகள் வாசிக்கச் சொல்லி நடு மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பின் நடுநிலைக் குழந்தைகள் சிலருக்கும் எடுங்கள், ஒப்பிட அது வேண்டும். காது, கண் பரிசோதனையைப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சிறு குழுப் பயிற்சியைத் தொடங்கும் நாளிலேயே, அதை முடித்துப் பரிசீலிக்கும் நாளையும் எழுத்தில் குறித்துப் பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் கொடுங்கள். 12 வாரத்துக்கு மேல் போக வேண்டாம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பே பிடிபடாமல், தொடக்கத்திலேயே மிகத் தாழ்ந்து நிற்கும் குழந்தை, அல்லது குடும்பத்தில் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தை இருந்தால், அந்த 12 வாரத்துக்கும் காத்திருக்காமல் பயிற்சியோடு சேர்த்தே சிறப்பாசிரியரிடமோ உளவியலாளரிடமோ அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது குழந்தையின் நோட்டுப் புத்தகத்தோடு வாராந்தர வரைபடம், என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு, வருகைப் பதிவு ஆகிய மூன்றையும் கொடுத்தனுப்புங்கள். ஒருநாள் சந்திப்பில் மதிப்பீடு செய்பவருக்கு வேறு எங்கிருந்தும் கிடைக்காத தகவல்கள் அவை.